நோ காஸ்ட் இ.எம்.ஐ.: வட்டி எங்கே ஒளிந்திருக்கிறது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கடையில் "வட்டியே கிடையாது சார், விலையை ஆறாகப் பிரித்துக் கட்டினால் போதும்" என்கிறார்கள். நிஜமாகவே யாரும் வட்டி வாங்குவதில்லையா?

வாங்குகிறார்கள். கடன் கொடுக்கும் வங்கியோ ஃபைனான்ஸ் கம்பெனியோ தன் பணத்தை ஆறு மாதம் சும்மா கொடுத்து வைக்காது. அந்த வட்டியை உங்களிடம் நேராகக் கேட்காமல் கடைக்காரரோ பொருளைத் தயாரித்த பிராண்டோ கட்டுகிறார்கள். இந்தத் தொகைக்கு வியாபாரத்தில் சப்வென்ஷன் என்று பெயர். கடைக்காரர் அதை எங்கிருந்து எடுக்கிறார் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. பெரும்பாலும் ரொக்கமாக வாங்குபவருக்குக் குறைத்துக் கொடுத்திருக்கக்கூடிய பணம்தான் அது.

இதை ரிசர்வ் வங்கியே சொல்லியிருக்கிறது. கிரெடிட் கார்டு பாக்கிக்குக் கொடுக்கப்படும் பூஜ்ய சதவீதத் தவணைகளில் வட்டி பெரும்பாலும் புராசஸிங் கட்டணத்துக்குள் மறைக்கப்படுகிறது, பூஜ்ய வட்டி என்ற ஒன்றே கிடையாது என்று 2013 செப்டம்பரில் வங்கிகளுக்கு அது சுற்றறிக்கை அனுப்பியது. அதற்குப் பிறகு "0%" என்ற எழுத்து போர்டுகளில் குறைந்து, "நோ காஸ்ட்" என்ற எழுத்து கூடிவிட்டது.

36,000 ரூபாய் டி.வி.க்கு மாதம் 6,000 வீதம் ஆறு மாதம் கட்டுகிறேன். கூட்டினால் அதே 36,000தான். எனக்கு என்ன நஷ்டம்?

கணக்கை முழுசாகப் போட்டுப் பார்ப்போம். கார்டு வங்கியின் வட்டி ஆண்டுக்கு 15 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். மாதம் 6,000 வீதம் ஆறு தவணை வர வேண்டுமானால், அந்த வட்டியில் வங்கி கொடுக்கும் கடன் 36,000 அல்ல, 34,476 ரூபாய்தான். மீதி 1,524 ரூபாய் வட்டி. ஆகவே கடைக்காரர் பில்லில் 1,524 ரூபாயைத் தள்ளுபடி என்று காட்டி, கார்டில் 34,476 மட்டும் தேய்க்கிறார். வங்கி அதன் மேல் 1,524 வட்டி போட்டு உங்களிடம் மொத்தம் 36,000 வாங்கிக்கொள்கிறது. தள்ளுபடியும் வட்டியும் ஒன்றையொன்று அடித்துக்கொள்வதால் "காஸ்ட்" இல்லை என்கிறார்கள்.

இதோடு முடிந்தால் பரவாயில்லை. கார்டு வட்டிக்கு 18 சதவீதம் ஜி.எஸ்.டி. உண்டு. 1,524க்கு அது 274 ரூபாய். அப்புறம் புராசஸிங் கட்டணம் 199 ரூபாய் என்றால் அதற்கும் ஜி.எஸ்.டி. சேர்ந்து 235 ஆகிறது. கையை விட்டுப் போவது 36,509 ரூபாய். கடையின் போர்டில் இந்த 509 எங்கேயும் இருக்காது.

பெரிய தொகை இன்னும் வரவில்லை. அதே டி.வி.யை "ரொக்கமாகவோ யு.பி.ஐ.யிலோ கொடுத்தால் கடைசியாக என்ன விலை?" என்று கேட்டவருக்குக் கடைக்காரர் 34,000 சொல்லியிருப்பார் என்று வையுங்கள். 2,000 ரூபாய் குறைப்பு. தவணைக்காரருக்கு அந்த 2,000 கிடைக்கவில்லை. அதில் 1,524 வங்கிக்கு வட்டியாகப் போய்விட்டது. மீதியில் கார்டு தேய்ப்புக்கான கட்டணம் போகும், கொஞ்சம் கடைக்கும் நிற்கும். உங்கள் தள்ளுபடிதான் பெயர் மாறி வட்டியாகக் கட்டப்பட்டிருக்கிறது.

உண்மையான வித்தியாசம் 36,509க்கும் 34,000க்கும் இடையில் உள்ள 2,509 ரூபாய். 34,000 ரூபாய்ப் பொருளை ஆறு மாதம் கடனில் வாங்க 2,509 கொடுத்தால், அது ஆண்டுக்கு ஏறத்தாழ 25 சதவீத வட்டி. வங்கி போட்டது 15. உங்களுக்கு விழுந்தது 25.

2,509 என்பது 34,000இல் ஏழு சதவீதம்தானே? 25 எப்படி வந்தது?

34,000 ரூபாய் ஆறு மாதமும் உங்கள் கையில் இருக்கவில்லை. முதல் மாதமே ஒரு பங்கைத் திருப்பிவிடுகிறீர்கள், அடுத்த மாதம் இன்னொரு பங்கு. சராசரியாகப் பார்த்தால் கடனில் பாதியை விடக் கொஞ்சம் அதிகம்தான் உங்களிடம் இருந்திருக்கிறது, அதுவும் ஆறு மாதத்துக்கு மட்டும். ஏழு சதவீதத்தை ஆண்டுக்கு மாற்றினால் இரண்டு மடங்கு. பாதிக் கடனுக்குத்தான் என்று பார்த்தால் மறுபடியும் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு.

கடையில் நின்றபடியே கைபேசியில் போட்டுப் பார்க்க ஒரு கணக்கு இது:

```
ஆண்டு வட்டி % = (கூடுதல் செலவு × 2400) ÷ (கடன் தொகை × (மாதங்கள் + 1))
```

மேலே சொன்ன டி.வி.க்கு 2,509ஐ 2,400ஆல் பெருக்கி, 34,000 × 7 ஆல் வகுத்தால் 25.3 வரும். வங்கி மென்பொருள் அளவுக்குத் துல்லியம் கிடையாது, ஆனால் முடிவெடுக்க இது போதும். ஒரே ஒரு எச்சரிக்கை: "கூடுதல் செலவு" என்பது ரொக்க விலைக்கு மேல் நீங்கள் கொடுக்கும் எல்லாமும். போர்டு விலைக்கு மேல் கொடுப்பது அல்ல.

நோ காஸ்ட் என்று வாங்கினேன். கார்டு ஸ்டேட்மெண்டில் Interest என்று தனியாக வருகிறது. ஏமாற்றிவிட்டார்களா?

அதை மட்டும் வைத்து அப்படிச் சொல்ல முடியாது. மேலே பார்த்த மாதிரி, வட்டி போடுவதுதான் வழக்கம். அதற்கு ஈடான தொகை பில்லில் முன்பே கழிந்திருக்க வேண்டும். ஆகவே கடை பில்லை எடுத்துப் பாருங்கள். கார்டில் தேய்த்த தொகை போர்டு விலையைவிடக் குறைவாக இருக்கிறதா? அந்தக் குறைவும், எல்லா மாத வட்டியின் கூட்டுத்தொகையும் கிட்டத்தட்ட ஒன்றாக இருக்கிறதா? ஆம் என்றால் சொன்னபடி நடந்திருக்கிறது. வட்டியின் மேல் விழும் ஜி.எஸ்.டி. மட்டும் உங்கள் தலையில்.

கார்டில் முழு 36,000ம் தேய்த்துவிட்டு, "வட்டி பின்னாடி கேஷ்பேக்காக வரும்" என்று சொல்லும் முறையும் இருக்கிறது. இதில்தான் அதிகம் கோட்டை விடுகிறார்கள். கேஷ்பேக் பல மாதம் கழித்து வரும், அதற்குள் நாம் மறந்திருப்போம். ஒரு தவணை தவறினால் கிடையாது என்று நிபந்தனையும் இருக்கலாம். கேஷ்பேக் எத்தனை ரூபாய், எந்தத் தேதிக்குள், யார் கொடுப்பது என்ற மூன்றும் எழுத்தில் இல்லையென்றால் அதை இல்லாத பணமாகவே வைத்துக் கணக்குப் போடுங்கள்.

என்னிடம் கிரெடிட் கார்டு கிடையாது. கடையிலேயே ஃபைனான்ஸ் கம்பெனி மேஜை போட்டு ஆதார், பான் வாங்கி அரை மணி நேரத்தில் கொடுக்கிறார்கள். அதிலும் இதே கதையா?

அடிப்படை ஒன்றுதான், ஆனால் மறைக்கும் இடம் வேறு. ஃபைனான்ஸ் கம்பெனிக் கடனில் வட்டிக்கு ஜி.எஸ்.டி. கிடையாது. கட்டணங்களுக்கு உண்டு. இங்கே கவனிக்க வேண்டியது முன்தவணை.

30,000 ரூபாய் ஃபிரிட்ஜ், பத்து மாதத் தவணை, அதில் இரண்டு தவணை முன்பணம் என்று வைத்துக்கொள்வோம். பேச்சுவாக்கில் "பத்துக்கு ரெண்டு ஸ்கீம்" என்பார்கள். மாதம் 3,000. முதல் நாளே இரண்டு தவணை, அதாவது 6,000 கட்டிவிடுகிறீர்கள். அப்படியானால் கடன் 30,000 அல்ல, 24,000. காலமும் பத்து மாதம் அல்ல, எட்டு மாதம். பத்து மாதம் அவகாசம் கிடைத்த மாதிரி ஒரு தோற்றம், அவ்வளவுதான். புராசஸிங் கட்டணம் மட்டும் கடன் பெரியதோ சிறியதோ அப்படியே நிற்கும். 700 ரூபாயும் ஜி.எஸ்.டி.யும் சேர்த்து 826 என்று வையுங்கள்.

ரொக்க விலை 29,000 என்றால், கடைக்காரர் உண்மையில் உங்களுக்கு விட்டுவைத்த பாக்கி 23,000தான். அதற்கு நீங்கள் கூடுதலாகக் கொடுப்பது 1,000 ரூபாய் தள்ளுபடியும் 826 ரூபாய் கட்டணமும், ஆக 1,826. மேலே கொடுத்த கணக்கில் போட்டால் ஆண்டுக்கு 21 சதவீதத்துக்குக் கொஞ்சம் மேலே வருகிறது. தள்ளுபடியையே விட்டுவிட்டு வெறும் 826ஐ மட்டும் எடுத்தாலும் ஒன்பது சதவீதத்துக்கு மேல்.

மேஜையில் இன்னும் சில தாள்களில் கையெழுத்து கேட்பார்கள். கடனுக்கு இன்சூரன்ஸ், எக்ஸ்டெண்டட் வாரண்டி, அந்தக் கம்பெனியின் இ.எம்.ஐ. கார்டு என்று வரும். ஒவ்வொன்றும் சில நூறு ரூபாய். இவை வேண்டாம் என்றால் கடன் கிடைக்காதா என்று நேராகக் கேளுங்கள். பெரும்பாலும் "கிடைக்கும் சார்" என்றுதான் பதில் வரும், கொஞ்சம் முகச்சுளிப்போடு.

கடையில் எப்படிப் பேச வேண்டும்? "ரொக்க விலை என்ன" என்று கேட்டால் "எல்லாம் ஒரே விலைதான்" என்கிறார்களே.

முதலில் தவணை என்ற சொல்லையே எடுக்காதீர்கள். ரொக்கமாக வாங்குபவராகவே பேரம் பேசி, கடைசி விலையை ஒரு தாளில் எழுதி வாங்குங்கள். தீபாவளி, ஆடி நெருக்கத்தில்கூட இது நடக்கும். சென்னை ரிச்சி ஸ்ட்ரீட் மாதிரி இடங்களில் ரொக்கத்துக்கு ஒரு விலை, கார்டுக்கு ஒரு விலை என்று வெளிப்படையாகவே சொல்வார்கள். பெரிய ஷோரூம்களில் ஃப்ளோரில் நிற்கும் விற்பனையாளருக்குக் குறைக்கும் அதிகாரம் இருக்காது. மேனேஜரிடம் போக வேண்டும். ஆன்லைன் விலையைக் கைபேசியில் காட்டுவதும் வேலை செய்யும்.

அந்த விலை கையில் வந்த பிறகு, "இதே விலைக்கு நோ காஸ்ட் தவணை போட முடியுமா?" என்று கேளுங்கள். "முடியாது, அதற்குப் பழைய விலைதான்" என்று சொன்னால், இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் வட்டி. நீங்கள் கண்டுபிடிக்க வேண்டியதில்லை, அவரே சொல்லிவிட்டார்.

அப்படியானால் ரொக்க விலைக்கு வாங்கி, வட்டியுள்ள சாதாரண இ.எம்.ஐ. போட்டால் எப்படி?

பலருக்குத் தோன்றாத வழி இது. 34,000க்குப் பேசி முடித்து, அதை உங்கள் கார்டில் சாதாரணமாகத் தேய்த்து, பிறகு வங்கி செயலியில் ஆறு மாதத் தவணையாக மாற்றினால், அதே 15 சதவீதத்தில் தவணை 5,917 ரூபாய் வரும். வட்டி 1,503, அதற்கு ஜி.எஸ்.டி. 270, புராசஸிங் கட்டணம் அதே 235. மொத்தம் 36,008. நோ காஸ்ட்டில் 36,509. வட்டி உள்ளது வட்டி இல்லாததைவிட 501 ரூபாய் மலிவு!

ஒரு சிக்கல் இருக்கிறது. ரொக்க விலையைக் கார்டுக்குக் கொடுக்கக் கடைக்காரர் தயங்குவார், ஏனென்றால் தேய்ப்புக்கான கட்டணம் அவர் கையிலிருந்து போகிறது. அதற்காக அவர் ஒன்றரை சதவீதம் கூடுதலாகக் கேட்டால் 510 ரூபாய். லாபம் அங்கேயே கரைந்துவிடும். கேட்காவிட்டால் உங்களுக்கு. உங்கள் கார்டின் தவணை வட்டி எவ்வளவு என்பதையும் முன்பே செயலியில் பார்த்துக்கொள்ளுங்கள். 20, அதற்கு மேல் என்று இருந்தால் இந்த வழி சரிப்படாது.

எல்லா நோ காஸ்ட் இ.எம்.ஐ.யும் மோசமா?

இல்லை. ரொக்கத்துக்கும் தவணைக்கும் நிஜமாகவே ஒரே விலை என்றால் வாங்கலாம். புதிதாக வந்த மொபைல்களில் இப்படி நடப்பதுண்டு. பிராண்டே விலையைக் கட்டிப்பிடித்து வைத்திருக்கும், கடைக்காரரால் ஐந்து பைசா குறைக்க முடியாது, சப்வென்ஷனையும் பிராண்டே கொடுத்துவிடும். அப்போது உங்கள் செலவு ஜி.எஸ்.டி.யும் புராசஸிங் கட்டணமும் மட்டும்.

ஆனால் "பணம் வங்கியில் இருக்கட்டும், வட்டி வரும்" என்று லாபக் கணக்குப் போடுபவர்களுக்கு: 36,000 ரூபாயை ஏழு சதவீத வட்டியில் வைத்து, மாதம் 6,000 எடுத்துக் கட்டினால் ஆறு மாதத்தில் கிடைப்பது ஏறத்தாழ 735 ரூபாய். செலவு 509. மிச்சம் 226, அதிலும் வருமான வரி போகலாம். மூன்று சதவீதம் தரும் சேமிப்புக் கணக்கில் இருந்தால் 315தான் வரும், கைநஷ்டம். கையில் பணம் இல்லாமல், பொருள் இப்போதே தேவை என்பவருக்குத்தான் இதில் அர்த்தம் இருக்கிறது.

தவணையில் வாங்கினால் மட்டும் வங்கி கூடுதல் தள்ளுபடி தருகிறது. அப்போது?

பண்டிகைக் கால ஆன்லைன் விற்பனையில் இது உண்டு. முழுத் தொகையாகக் கட்டினால் 1,500 குறைப்பு, தவணை என்றால் 2,500 என்று போடுவார்கள். அப்போது தவணை உண்மையிலேயே மலிவாக வரலாம். 1,000 ரூபாய் வித்தியாசத்திலிருந்து ஜி.எஸ்.டி.யையும் கட்டணத்தையும் கழித்துப் பாருங்கள், மிச்சம் இருந்தால் எடுங்கள். ஆனால் நோ காஸ்ட்டும் அந்தத் தள்ளுபடியும் சேர்ந்தே கிடைக்கிறதா என்பதைக் கடைசித் திரையில் பாருங்கள். சில நேரம் ஒன்றைத் தொட்டால் மற்றது காணாமல் போகும்.

வட்டியைச் சொல்லியே ஆக வேண்டும் என்று சட்டம் எதுவும் இல்லையா?

விதி இருக்கிறது. கிரெடிட் கார்டுகளுக்கு ரிசர்வ் வங்கி 2022இல் வெளியிட்ட விதிகளின்படி, வாங்கிய தொகையைத் தவணையாக மாற்றுவதற்கு முன்பே அசல் எவ்வளவு, வட்டி எவ்வளவு, நோ காஸ்ட் ஆக்குவதற்காக வங்கியோ கடையோ கொடுக்கும் தள்ளுபடி எவ்வளவு என்று தனித்தனியாகக் காட்ட வேண்டும். கார்டு பில்லிலும் அதே மாதிரி பிரித்துக் காட்ட வேண்டும். வட்டி உள்ள தவணையை வட்டி இல்லாதது போல வேஷம் கட்டக் கூடாது என்றும் அதில் இருக்கிறது.

ஃபைனான்ஸ் கம்பெனியின் தவணைக் கடன்களுக்கு, 2024 அக்டோபர் 1 முதல் கீ ஃபேக்ட்ஸ் ஸ்டேட்மெண்ட் என்ற ஒரு தாளைக் கையெழுத்துக்கு முன் கொடுத்தாக வேண்டும். அதில் APR என்று ஒரு வரி இருக்கும். வட்டியும் கட்டணங்களும் சேர்ந்த ஆண்டுச் செலவு அது. வாங்கிப் படியுங்கள். ஆனால் அதை முழுசாக நம்பிவிடவும் வேண்டாம். அந்தத் தாளுக்கு ஃபிரிட்ஜின் விலை பில்லில் உள்ள 30,000தான். பக்கத்து ஆளுக்கு அது 29,000க்குக் கிடைத்தது என்பது அதற்குத் தெரியாது. தொலைந்துபோன தள்ளுபடி எந்த அரசு படிவத்திலும் வராது.

பொருளைத் திருப்பிக் கொடுத்தால், அல்லது கையில் பணம் வந்து முன்கூட்டியே அடைத்தால்?

திருப்பினால் கடை பணத்தைக் கார்டுக்கு அனுப்பும். ஆனால் தவணை தானாக ரத்தாகும் என்று இருந்துவிடாதீர்கள். சில வங்கிகளில் நீங்கள் கூப்பிட்டுச் சொல்லும்வரை தவணை ஓடிக்கொண்டே இருக்கும். ஏற்கெனவே கட்டிய புராசஸிங் கட்டணமும் வட்டி மேல் ஜி.எஸ்.டி.யும் பொதுவாகத் திரும்பாது. பில்லில் கழித்த வட்டித் தள்ளுபடி போக, கார்டில் தேய்த்த தொகைதான் ரீஃபண்ட் வரும் என்பதையும் நினைவில் வையுங்கள். இடையில் ஓரிரு தவணை போயிருந்தால் அந்த வட்டி கைநஷ்டம்.

முன்கூட்டி அடைப்பதற்குப் பல வங்கிகள் மீதி அசலில் இத்தனை சதவீதம் என்று கட்டணம் வாங்குகின்றன, அதற்கும் ஜி.எஸ்.டி. உண்டு. ஆறு மாதத் தவணையில் மூன்று முடிந்த பிறகு மீதி வட்டியே 441 ரூபாய்தான் (மேலே சொன்ன டி.வி. கணக்கில்). மீதி அசல் 17,559க்கு மூன்று சதவீதக் கட்டணமும் வரியும் என்றால் 622. அடைக்காமல் விட்டுவிடுவதே மேல்.

சொன்னதற்கு மாறாகக் கட்டணம் போட்டிருக்கிறார்கள். யாரிடம் போவது?

யார் போட்டார்கள் என்பதைப் பொறுத்தது. வங்கியோ ஃபைனான்ஸ் கம்பெனியோ என்றால் முதலில் அவர்களுக்கு எழுத்தில் புகார் கொடுத்து, புகார் எண்ணை வாங்கி வையுங்கள். 30 நாளில் பதில் இல்லையென்றாலோ பதில் திருப்தியாக இல்லையென்றாலோ ரிசர்வ் வங்கி ஆம்பட்ஸ்மேனுக்கு cms.rbi.org.in தளத்தில் போடலாம், கட்டணம் இல்லை. தவறு கடையின் பக்கம் என்றால், அதாவது சொன்ன தள்ளுபடியைப் பில்லில் கழிக்கவில்லை, கேஷ்பேக் வரவில்லை என்றால், தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. இரண்டுக்கும் கடை பில், விளம்பரத்தின் படம், கார்டு ஸ்டேட்மெண்ட் ஆகிய மூன்றும் கேட்பார்கள். விளம்பர போர்டை வாங்கும் அன்றே படம் எடுத்துவிடுங்கள், ஆஃபர் முடிந்ததும் அதை எடுத்துவிடுவார்கள்.